தள்ளிப்போன தேதியை எப்படிச் சொல்வது?

சொன்ன தேதிக்கு வேலை முடியாது என்று தெரிந்த பிறகும், அந்தத் தேதி வரும் வரை வாய் திறக்காமல் இருப்பது மென்பொருள் தொழிலில் சகஜமாகிவிட்டது. தாமதத்தைப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். முதல் நாள் இரவு வரை "எல்லாம் சரியாகப் போகிறது" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை "இன்னும் ரெண்டு வாரம்" என்று கேட்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

ஒரு ஜவுளிக்கடைக்குப் புதிய பில்லிங் மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்வோம். பழைய கணினியில் 12,000 சரக்குப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்த்துப் புதியதில் ஏற்ற வேண்டும். நாளுக்கு 1,200 வீதம் பத்து வேலை நாள் என்று கணக்குப் போட்டு, ஜூன் 1 திங்களன்று வேலை தொடங்கியது. ஜூன் 15 அன்று கடை முதலாளி பார்வையிடுவதாக ஏற்பாடு. ஆனால் முதல் வெள்ளிக்கிழமை மாலை எண்ணிப் பார்த்தால் முடிந்தது 3,000 தான். ஒரே புடவை மூன்று பெயரில் பதிவாகியிருக்கிறது. எது சரி என்று கடையின் சரக்கு மேற்பார்வையாளர் சொன்னால்தான் உண்டு.

இந்த இடத்தில் மனம் முதலில் கேட்பது, "ஜூன் 18 என்று சொல்லலாமா?" என்பதுதான். மூன்று நாள் என்றால் கோபப்பட மாட்டார் அல்லவா! அப்படிப் பிறக்கும் தேதி ஆசையில் பிறந்தது, வேலையில் பிறந்தது அல்ல. மீதி 9,000. நடந்திருக்கும் வேகம் நாளுக்கு 600. ஆக 15 வேலை நாள், ஜூன் 26 ஆகிவிடும். சோதித்துப் பார்க்க இன்னும் இரண்டு நாள். பார்வையிடும் நாள் ஜூலை 1. இதுதான் நேர்மையான தேதி.

ஆள் கூட்டினால் வேகம் கூடாதா? ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருளின் உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெடரிக் ப்ரூக்ஸ், 1975இல் எழுதிய நூலில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் பழையவர்தானே. தேதியை மாற்றுவதென்றால் மறுபடி மாற்ற வேண்டாத அளவுக்குத் தாராளமாக மாற்றுங்கள் என்பதும் அவர் வற்புறுத்திய விஷயம்.

இனி கடிதம். அதை அந்த வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஐயா, வணக்கம். ஜூன் 15 பார்வைக்கு வேலை முழுதாகத் தயாராகாது. 12,000 சரக்கில் இன்று வரை 3,000 முடிந்திருக்கிறது. ஒரே சரக்கு பல பெயரில் இருப்பதை நாங்கள் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். இப்போதைய வேகத்தில் ஜூலை 1 அன்று முழுதாகக் காட்ட முடியும். அதற்குரிய தவணைப் பில்லும் அதன் பிறகுதான் வரும். ஜூன் 15 அன்று நீங்கள் வந்தால், அதுவரை முடிந்த சரக்குகளை வைத்து பில் போட்டுக் காட்டுகிறோம். ஜூன் 19 மாலைக்குள் 9,000 முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அன்றே சொல்லிவிடுகிறோம். மேற்பார்வையாளர் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் உதவியாக இருக்கும்."

அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று நம்பித் தேதியைக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கிடைத்தால் லாபம். தாமதத்துக்கான பழியையும் கடையின் மீது போடவில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். முதலாளிக்கு ஜூலை 1 முக்கியமல்ல, ஜூலை நடுவில் தொடங்கும் ஆடித் தள்ளுபடிதான் முக்கியம். பார்வைக்குப் பிறகு திருத்தத்துக்கு ஒரு வாரம், கல்லாவில் இருப்பவர்களுக்குப் பயிற்சி ஒரு வாரம் என்றால் ஜூலை 15 ஆகிவிடும். பழைய திட்டத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. இப்போது ஓரிரு நாள்தான். கடை நிறையக் கூட்டம் நிற்கும்போது புதிய பில்லிங் தடுமாறினால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் கடிதத்தில் இன்னும் ஒரு பத்தி வேண்டும்: "ஆடி முழுக்கப் பழைய பில்லிங்கிலேயே ஓட்டிவிட்டு, ஆடி முடிந்ததும் மாறலாம் என்பது எங்கள் யோசனை. தீபாவளிக்கு அப்போதும் நேரம் இருக்கும். முடிவு உங்களுடையது." இதை எழுதத்தான் பலருக்குக் கை வராது. பார்வை நாளை மட்டும் மாற்றிவிட்டு, கடைசித் தேதி அப்படியே நிற்பதுபோல் விட்டுவிடுவார்கள். அடுத்த சண்டை அங்கேதான் தொடங்கும்.

நீங்கள் கடைக்காரர் பக்கம் இருப்பவரா? புதிய தேதியோடு ஒரு கடிதம் வந்தால், அந்தத் தேதி எந்தக் கணக்கில் வந்தது என்று கேளுங்கள். முடிந்தது எத்தனை, மீதி எத்தனை, நாளுக்கு எத்தனை என்று பதில் வரவில்லையென்றால், அந்தத் தேதியை நம்பி ஆடித் தள்ளுபடிக்கு விளம்பரம் கொடுக்காதீர்கள்.