விற்காத இரவும் வினாத்தாளும்

20 அறைகள் கொண்ட விடுதி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வாரத்தின் நடுநாள் ஒன்றில் 14 அறைகளிலே விருந்தினர் தங்கினர். 6 அறைகள் வெறுமையாகக் கிடந்தன. மறுநாட் காலை அந்த ஆறு அறைகளையும் திறந்து பார்த்தால் கட்டில், மெத்தை, நாற்காலி யாவும் வைத்தபடியே இருக்கின்றன. ஆயினும் விடுதிக்காரர் ஒன்றை இழந்துவிட்டார். அவர் இழந்தது அறையை அன்று. அறையின் அந்த ஓர் இரவை. வெள்ளிக்கிழமை விடுதி நிறைந்து, இடமின்றிச் சிலர் திரும்பிச் செல்லும் வேளையில், புதன்கிழமை மிஞ்சிய ஆறு இரவுகளை எடுத்துக் கொடுக்க அவரால் இயலாது.

வணிகக் கல்வி பயிலும் மாணவரிடம் இதனையே வினாவாகக் கேட்பதுண்டு. "விடுதியொன்று வார நாட்களில் வாடகையைக் குறைக்கின்றது. சேவையின் எவ்வியல்பு இதற்குக் காரணம்?" விடைகளாக நான்கு தரப்படும்: தொட்டறிய முடியாமை, பிரிக்க முடியாமை, வேறுபடுந்தன்மை, அழியுந்தன்மை. மாணவர் பலர் முதலாவதைத் தெரிந்துவிட்டுப் புள்ளியை இழக்கின்றனர். சேவையைக் கையால் தொட இயலாது என்பது உண்மைதானே என்பது அவர்தம் நியாயம். உண்மைதான், ஆனால் நான்கும் உண்மையே. விடுதிச் சேவைக்கு நான்கு இயல்புகளும் ஒருங்கே உள. வினா கேட்பது எது உண்மை என்பதை அன்று. வாடகைக் குறைப்பு எந்தத் தொல்லைக்கு மருந்து என்பதையே. ஆகவே விடையைத் தேடுமுன் தொல்லையைத் தேடல் வேண்டும்.

அழியுந்தன்மை என்ற சொல்லும் சிலரை ஏமாற்றும். தக்காளி அழுகுவதுபோல ஏதோ கெட்டுப்போதல் எனப் பொருள் கொள்வர். தக்காளி வியாபாரிக்கு நாளை என்ற ஒன்று உண்டு. சரக்கிற் பாதி கெட்டாலும் மீதியை விற்கலாம். விடுதியின் இரவுக்கோ அந்தக் கால அவகாசமும் இல்லை. சேவையைச் சேமித்து வைக்க முடியாது என்பதே இச்சொல்லின் கருத்து.

இனி அந்த விடுதியின் கணக்கைச் சற்று விரிவாகக் காண்போம். ஓர் இரவு வாடகை 5,000 ரூபா என்க. விருந்தினர் தங்கினால் விரிப்புச் சலவை, சவர்க்காரம், நீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு 1,000 ரூபா செல்லும். எனவே நிரம்பிய அறை ஒவ்வொன்றும் 4,000 ரூபாவை மிச்சமாகத் தருகின்றது. 14 அறைகளால் 56,000 ரூபா கிடைக்கின்றது. வெறும் அறை தருவது ஒன்றுமில்லை; காவலாளியின் சம்பளமும் கட்டடத்தின் வரியும் மட்டும் எப்போதும்போல் நிற்கும்.

விடுதிக்காரர் வாடகையை 3,000 ரூபாவாகக் குறைக்கின்றார். வெறுமையாகக் கிடந்த 6 அறைகளும் நிறைந்தால் அறைக்கு 2,000 வீதம் 12,000 ரூபா புதிதாக வரும். இதுவரை நன்று. ஆனால் குறைந்த வாடகையை எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டால், 5,000 கொடுக்க ஆயத்தமாயிருந்த பதினால்வரும் 3,000 ரூபாவே கொடுப்பர். அப்போது 20 அறைகளாலும் கிடைக்கும் மிச்சம் 40,000 ரூபாதான். வீடு நிறைந்தது; பணம் 16,000 ரூபாவாற் குறைந்தது. வாயிற் பலகையில் "இடமில்லை" என்று எழுதிய மகிழ்ச்சியில் இந்த நட்டம் எளிதிற் கண்ணுக்குத் தெரியாது. நிறைந்த அறைகளின் தொகையை மட்டும் பார்க்காமல், ஓரிரவு மிச்சத்தையும் எழுதிப் பார்ப்பவரே இதனைக் கண்டுபிடிப்பர். ஆதலின் சலுகைக்கு ஒரு வேலி இடுதல் வழக்கம்: வார நாட்களில் இரண்டு இரவுகள் தங்குவோருக்கு மட்டும், அல்லது முற்பணம் செலுத்தி ஒரு மாதம் முன்னரே பதிவு செய்வோருக்கு மட்டும் என்பன போன்ற நிபந்தனைகள். அவசர அலுவலாக வருபவர் அந்த வேலியைத் தாண்டார். செலவைச் சுருக்கி வருபவர் தாண்டுவர்.

எஞ்சிய மூன்று இயல்புகளும் இதே விடுதியில் உள. அவற்றோடு சேர்ந்தே மேலதிக மூன்று கூறுகளும் விளங்கும். பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்னும் நான்கையும் 1960இல் ஜெரோம் மக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்துரைத்தார். ஆங்கிலத்தில் நான்கும் 'பி' என்னும் எழுத்தில் தொடங்குவன. சேவைகளுக்கு இவை போதா என்று கண்டு, 1981இல் பூம்ஸ், பிற்னர் என்னும் இருவர் அதே எழுத்திலே தொடங்கும் மூன்றைச் சேர்த்தனர்: மக்கள், செயன்முறை, பௌதிகச் சான்று.

நல்ல உறக்கத்தை முன்கூட்டிக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியாது. அதுவே தொட்டறிய முடியாமை. ஆதலின் வருபவர் கண்ணாற் காணக்கூடிய வேறெதையோ கொண்டு மதிப்பிடுகின்றார்: வெளுத்த விரிப்பு, துடைத்த தரை, சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழ். இவை பௌதிகச் சான்று. காலையிற் கணக்கர் இன்முகத்தோடு சாவியைத் தருகின்றார். இரவுக் கணக்கர் அரைமணி நேரம் காக்க வைக்கின்றார். விடுதி ஒன்று, வாடகை ஒன்று, சேவை இரண்டு. அதுவே வேறுபடுந்தன்மை. யார் மேசையில் இருந்தாலும் வருகையைப் பதிவது, சாவி தருவது, பெட்டியை எடுத்துச் செல்வது ஆகியன இன்ன ஒழுங்கில் நடைபெறும் என்று வகுத்து வைத்தல் செயன்முறை. அதனை நடத்துவோரைத் தெரிந்து பயிற்றுதல் மக்கள் என்ற கூற்றைச் சாரும்.

சேவை உண்டாகும் இடத்திலேயே அது நுகரப்படுகின்றது. கொடுப்பவரும் பெறுபவரும் அங்கே கூடவே இருக்கின்றனர். இது பிரிக்க முடியாமை. இங்கே வினாத்தாள் வைக்கும் பொறி ஒன்றுண்டு. மக்கள் என்றால் ஊழியர் மட்டுமே என்று மாணவர் எழுதிவிடுவர். அடுத்த அறையில் நள்ளிரவுவரை கூச்சலிடும் விருந்தினரும் ஒருவரின் உறக்கத்தை ஆக்கவோ கெடுக்கவோ வல்லவர். எனவே வாடிக்கையாளரும் இக்கூற்றில் அடங்குவர்.

மற்றொரு பொறி, செயன்முறையையும் பௌதிகச் சான்றையும் மயக்குவது. வங்கியில் வரிசை எண் கொடுத்து ஒவ்வொருவராக அழைப்பது செயன்முறை. காத்திருப்போருக்கு இடப்பட்ட நாற்காலி பௌதிகச் சான்று. நடப்பது எது, காணப்படுவது எது என்று பிரித்தால் மயக்கம் நீங்கும். மூன்றாவது பொறி, இயல்புக்கு ஒன்றாகப் புதிய கூறுகளைப் பொருத்திவிட முயல்வது. இயல்புகள் நான்கு, புதிய கூறுகள் மூன்று, கணக்கே ஒவ்வாது. மேற்கண்ட விடுதியில் அழியுந்தன்மைக்கு மருந்தாக வந்தது பழைய நான்கில் ஒன்றாகிய விலையே. முன்பதிவு என்ற செயன்முறை அதற்குத் துணையாயிற்று.

இவ்வியல்புகள் எல்லாச் சேவைக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்று கொள்ளலும் ஆகாது. லவ்லொக், கும்மெசன் என்னும் ஆய்வாளர் இருவர் 2004இல் இதனை எடுத்துக்காட்டினர். வானொலிப் பேச்சே தக்க உதாரணம். பேசுபவர் ஓரிடத்தில், கேட்பவர் வேறிடத்தில். பேச்சைப் பதிவு செய்து வைத்தால் அடுத்த ஆண்டிலும் கேட்கலாம். இங்கே பிரிக்க முடியாமையும் அழியுந்தன்மையும் பெரிதும் தளர்ந்துவிடுகின்றன. முடிதிருத்துபவரின் வேலையிலோ அவை முழுவலிமையோடு நிற்கின்றன: தலையை வீட்டில் வைத்துவிட்டு ஒருவர் கடைக்குச் செல்ல இயலாது, வாடிக்கையாளர் வராத ஒரு மணி நேரத்தை மாலைக்கென எடுத்து வைக்கவும் இயலாது.

ஆகவே, "மருத்துவர் ஒருவர் நோயாளர் முன்னரே நேரம் குறித்து வருமாறு ஏற்பாடு செய்கின்றார், இயல்பு எது, கூறு எது?" என்று வினவினால், முதலில் தொல்லையைக் காண்க. காலையிற் கூட்டம் நிறைகின்றது. பிற்பகலில் மருத்துவர் வெறுமனே அமர்ந்திருக்கின்றார். அந்த வெறுமையான பிற்பகலைச் சேமிக்க வழியில்லை. இயல்பு அழியுந்தன்மை, கூறு செயன்முறை.