இணைய வகுப்புக்கான ஹெட்போனும் இயர்பட்ஸும்

இயர்பட்ஸ் பெட்டியில் அச்சிடப்படும் மணிக்கணக்கு பெரும்பாலும் பாட்டு கேட்கும் நேரமே. வகுப்பில் மைக்கும் இயங்குவதால் மின்கலம் விரைவில் தீரும். 6 மணி நேரம் எனக் குறித்தது 4 மணி நேரத்திலேயே அணையலாம். காலை 9 முதல் 2 வரை வகுப்புள்ள மாணவர் ஒன்றை மட்டும் அணிந்து, மற்றதைப் பெட்டியில் சார்ஜ் ஏற்றி, மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

மைக்கை இயக்கியதும் ஆசிரியரின் குரல் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மங்குவதுண்டு. இது பழுதன்று. வழக்கமான புளூடூத், மைக் இயங்கும்போது தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. வகுப்புச் செயலியில் மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் குரல் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

இரைச்சலான வீட்டுக்கு, மைக் வாயருகே நீளும் கம்பி ஹெட்போனே மேல், சார்ஜும் வேண்டாம். அதன் 3.5 மி.மீ. செருகியில் 3 வளையக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இரண்டே இருந்தால் அதில் மைக் இல்லை.

காதுக்குள் செல்லும் சிலிக்கான் முனை தளர்ந்திருந்தால் வெளிச்சத்தம் நுழையும். கேட்பவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்தாமலும் போகலாம். கண்ணாடி அணிபவர்கள் ஹெட்போனை அரைமணி நேரமாவது அணிந்து பார்த்து வாங்குவது நல்லது, காதின் பின்புறம் அழுந்தும் வலி அதற்குப் பிறகே தெரியவரும்.