விற்கலாமா என்று கேட்கும் ஸ்கிரீன்ஷாட்

பங்கு வர்த்தகச் செயலியின் ‘ஹோல்டிங்ஸ்’ பக்கத்தைப் படமெடுத்து, “விற்கலாமா?” என்ற ஒரே வரியோடு அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்தப் படத்தில் நிறுவனத்தின் பெயர், பங்குகளின் எண்ணிக்கை, வாங்கிய சராசரி விலை, கடைசியாகக் கைமாறிய விலை, லாபம் பச்சையிலோ நஷ்டம் சிவப்பிலோ ஒரு சதவீதம் எல்லாம் இருக்கும். பார்ப்பதற்கு முழுமையான தகவல் போலத் தெரிந்தாலும், விற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கத் தேவையானவற்றில் பெரும்பகுதி அதில் இருப்பதில்லை.

கணக்குக்காக ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். மொத்த முதலீடு 6,00,000 ரூபாய். இன்றைய மதிப்பு 6,60,000 ரூபாய். முதல் வரியில் ஒரு நிறுவனத்தின் 600 பங்குகள். சராசரி விலை 400, இன்றைய விலை 500, லாபம் 60,000 ரூபாய், அதாவது 25 சதவீதம். கடைசி வரியில் இன்னொரு நிறுவனம் 30 சதவீத நஷ்டத்தில் சிவப்பாக நிற்கிறது. படத்தைப் பார்ப்பவர்களின் கண் நேராக இந்தச் சிவப்புக்குத்தான் போகும். ஆனால் கூடுதல் கவனம் வேண்டியது முதல் வரிக்கு.

அந்த 400 ரூபாய்க்கு ஒரு பங்குகூட வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. 300 பங்குகள் 2021-இல் 200 ரூபாய்க்கும், மீதி 300 சில மாதங்களுக்கு முன் 600 ரூபாய்க்கும் வாங்கப்பட்டிருந்தாலும் சராசரி 400 என்றுதான் காட்டும். டீமேட் கணக்கிலுள்ள பங்குகளை விற்கும்போது முதலில் வந்தது முதலில் போனதாகவே வருமான வரிச் சட்டம் கணக்கிடுகிறது. ஆகவே இவற்றில் 300-ஐ விற்றால், படத்தை நம்பியவர் நினைப்பதுபோல ஆதாயம் 30,000 ரூபாய் அல்ல. 200 ரூபாய்ப் பங்குகள் வெளியேறுவதால் 90,000 ரூபாய்.

வரி எவ்வளவு என்பது வாங்கிய தேதியைப் பொறுத்தது. பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து சந்தையில் விற்றால் அது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 12.5 சதவீத வரி. ஒரு நிதியாண்டில் முதல் 1.25 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. 12 மாதங்களுக்குள் விற்றால் குறுகியகால ஆதாயம்; வரி 20 சதவீதம். மேலே சொன்ன 90,000 ரூபாய் 2021-இல் வாங்கிய பங்குகளிலிருந்து வந்தது என்பதால், அந்த ஆண்டில் வேறு நீண்டகால ஆதாயம் இல்லாதவருக்கு வரியே வராது. அதே பங்குகளைப் பத்து மாதங்களுக்கு முன் வாங்கியிருந்தால் 18,000 ரூபாயும் அதன் மேல் செஸ்ஸும் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு சூழ்நிலைக்கும் படம் ஒன்றுதான். வரிக்காக மட்டும் ஓராண்டு முடியட்டும் என்று காத்திருப்பதும் எப்போதும் புத்திசாலித்தனம் ஆகாது. மிச்சமாகும் வரியைவிடப் பங்கின் விலை அதிகமாகச் சரிந்துவிடலாம்.

தந்தையிடமிருந்து வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வந்த பங்குகளில் சிக்கல் இன்னும் கூடும். அவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமுமே கணக்கில் சேரும். வேறொரு தரகரிடமிருந்து மாற்றப்பட்ட பங்குகளுக்கோ செயலி விலையே காட்டாமல் விடலாம், அல்லது மாற்றிய நாளின் விலையைக் காட்டலாம். அப்போது பச்சை, சிவப்பு இரண்டுக்குமே பொருள் இல்லை.

கடைசி வரியின் 30 சதவீத நஷ்டமும் உண்மையான நஷ்டம்தானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸின் நிதிச் சேவைப் பிரிவு தனியாகப் பிரிக்கப்பட்டபோது, முந்தைய நாள் 2,841.85 ரூபாயில் முடிந்த பங்கு, சிறப்பு வர்த்தக நேரத்தில் 2,580 ரூபாயாக நிர்ணயமானது. பங்குதாரருக்குப் பணம் எதுவும் போகவில்லை. அந்த வித்தியாசம் ஜியோ ஃபைனான்சியல் பங்குகளாக அவர் கணக்குக்கு வந்தது. ஆனால் அவை சந்தையில் பட்டியலானது ஆகஸ்ட் 21-இல்தான். வாங்கிய விலையையும் இரண்டு பங்குகளுக்கும் பிரித்து எழுத வேண்டும். அதைச் செயலி செய்திராவிட்டால் ஒன்று வீண் நஷ்டமாகவும் மற்றது இலவச லாபமாகவும் தோன்றும். போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றின்போதும் இதே குழப்பம் சில நாட்கள் நீடிப்பதுண்டு. வாங்கிய பின் வந்த டிவிடெண்டோ இந்த நஷ்டக் கணக்கில் சேர்வதே இல்லை.

இதுவரை சொன்னவற்றைத் தரகரின் அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம். பங்கை வைத்திருப்பவரைப் பற்றிய விவரம் எந்தச் செயலியிலும் கிடைக்காது. முதல் வரியின் 600 பங்குகளுடைய இன்றைய மதிப்பு 3,00,000 ரூபாய்; மொத்தத்தில் ஏறத்தாழ 45 சதவீதம். ஒரே நிறுவனத்தில் இவ்வளவா என்று யாருக்கும் தோன்றும். அவருக்கு வைப்பு நிதியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் 50 லட்சம் இருந்தால் இது பெரிய ஆபத்தல்ல. அவர் வேலை பார்ப்பதும் அதே நிறுவனத்தில் என்றால் சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தைச் சார்ந்திருக்கின்றன. ஆபத்து படம் காட்டுவதைவிடப் பெரிது.

பணம் எப்போது தேவை என்பது அடுத்த கேள்வி. மூன்று மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 3,00,000 ரூபாய் கட்ட வேண்டியவர், அந்த நிறுவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தத் தொகையைப் பங்கில் விட்டுவைக்கக் கூடாது. மூன்று மாதத்தில் பங்கு எங்கே நிற்கும் என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை. அதே பங்கைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாதவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது. இன்னொருவருக்கு 14 சதவீத வட்டியில் 3,00,000 ரூபாய் தனிநபர் கடன் இருக்கலாம். அவர் விற்றுக் கடனை அடைத்தால் ஆண்டுக்கு 42,000 ரூபாய் வரையிலான வட்டி நிச்சயமாக மிச்சமாகும். பங்கு அதைவிட அதிகம் தரலாம். ஆனால் தரும் என்ற நிச்சயம் இல்லை. தரகரே கடன் கொடுத்து வாங்கவைத்த எம்.டி.எஃப். பங்குகள் என்றால் இன்னும் அவசரம். அதன் வட்டி லாப நஷ்டப் பகுதியில் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். விலை விழுந்து மார்ஜின் குறைந்தால், கேட்டவர் யோசித்து முடிப்பதற்குள் தரகரே விற்றுவிடக்கூடும்.

இந்தியச் சட்டமும் இந்தக் கேள்விகளை விருப்பத்துக்கு விடவில்லை. முதலீட்டு ஆலோசகர்களுக்கான செபியின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆலோசனைக்கு முன் வாடிக்கையாளரின் வயது, வருமானம், முதலீட்டின் நோக்கமும் காலமும், ஏற்கெனவே உள்ள சொத்துகள், கடன்கள், நஷ்டத்தைத் தாங்கும் திறன் ஆகியவற்றை ஆலோசகர் கேட்டுப் பெற வேண்டும். சொல்லும் ஆலோசனை அந்த நபருக்குப் பொருந்த வேண்டும். ஆய்வாளர்களுக்குத் தனி விதிமுறைகள் உள்ளன. ஒரு பங்கு விலை உயர்ந்திருக்கிறதா மலிவா என்று ஆய்வாளர் பொதுவாகக் கருத்துச் சொல்லலாம். அது ‘இவர் விற்கலாமா’ என்ற கேள்விக்குப் பதிலாகிவிடாது. தொலைக்காட்சியில் வரும் ‘விற்கலாம்’, ‘வைத்திருக்கலாம்’ எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

ஆகவே பொறுப்பாகப் பதில் சொல்ல விரும்புபவர் முதலில் சிலவற்றைக் கேட்டு வாங்குவார். ஒவ்வொரு கொள்முதலின் தேதியும் விலையும் தரகரின் வரி அறிக்கையில் இருக்கும். பான் எண்ணின் அடிப்படையில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் எல்லா டீமேட் கணக்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் ஒன்றாகத் தெரியும். கடன்களின் பட்டியல், பணம் தேவைப்படும் நாள், விற்ற பணம் எங்கே போகப்போகிறது, முதலில் எந்தக் காரணத்துக்காக அந்தப் பங்கு வாங்கப்பட்டது ஆகியவற்றை மட்டும் கேட்டவரேதான் எழுதித் தர வேண்டும். இவை வருவதற்கு முன் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் நிபந்தனையோடு கூடியதாகத்தான் இருக்கும்: கட்டணம் மூன்று மாதத்தில் என்றால் அந்தத் தொகைக்கு மட்டும் விற்கலாம், கடன் வாங்கி வாங்கியது என்றால் முதலில் அதை அடைக்கலாம், இரண்டும் இல்லையென்றால் நிறுவனத்தின் வருமானத்தையும் கடனையும் பார்த்த பிறகே பேச முடியும்.