பயறு வேகும்போது புரதத்துக்கு என்ன ஆகிறது

காய்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. அதே பயற்றைச் சுண்டலாக வேகவைத்து 100 கிராம் எடுத்துப் பார்த்தால் 7 அல்லது 8 கிராம்தான் தேறும். மீதிப் புரதம் அடுப்பில் அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எதுவும் அழியவில்லை. பயறு தண்ணீரைக் குடித்து மூன்று மடங்காகப் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான். பாத்திரத்தில் போட்ட 24 கிராமும் ஏறத்தாழ அப்படியே பாத்திரத்தில் இருக்கிறது. சமைக்கும் முறையைப் பொறுத்து மாறுவது புரதத்தின் அளவு அல்ல. அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பதுதான்.

பச்சையாகத் தின்ற பயறு முழுதாகச் செரிப்பதில்லை. புரதத்தை உடைக்க நம் கணையம் டிரிப்சின் என்ற நொதியைச் சுரக்கிறது. பயறுகளில் அந்த நொதியையே முடக்கிவிடும் பொருள்கள் இருக்கின்றன. விதையைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு இது. நல்ல ஈரச்சூட்டில் இந்தத் தடைப்பொருள்கள் பெரும்பாலும் செயலிழந்துவிடும். சூடு பட்டால் புரதமும் நெகிழ்ந்து, நொதிகள் எளிதில் வெட்டும்படி ஆகிறது. ஆகவே பயற்றைப் பொறுத்தவரை சமைப்பது முதலில் லாபம்தான்.

அந்த லாபத்துக்கு ஓர் எல்லை உண்டு. பயற்றுப் புரதத்தின் சிறப்பு அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம். அரிசியிலும் கோதுமையிலும் இது குறைவு. அவற்றில் ஓரளவு இருக்கும் மெத்தியோனின் பயற்றில் குறைவு. சோறும் பருப்பும், இட்லியும் சாம்பாரும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுவது இப்படித்தான். அமினோ அமிலங்களில் சூட்டுக்கு எளிதில் ஆட்படுவதும் இந்த லைசின்தான். ஈரம் வற்றி, சூடு ஏறி, பண்டம் பொன்னிறமாகச் சிவக்கும்போது லைசின் சர்க்கரையோடு பிணைந்துகொள்கிறது. வாசனையும் நிறமும் அந்தப் பிணைப்பில்தான் பிறக்கின்றன. ஆனால் பிணைந்த லைசின் உடம்புக்கு உதவாது. பிரஷர் குக்கர், ஆவி, எண்ணெய், முளைகட்டல் ஆகிய நான்கையும் எடைபோட வேண்டிய தராசு இதுவே: தடைப்பொருள் போக வேண்டும், லைசின் தங்க வேண்டும்.

முழுப் பயறுக்கு இந்த இரண்டையும் ஒருசேரச் செய்து தருவது குக்கர். வழக்கமான வெயிட் போட்ட குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போவதில்லை. 20 டிகிரி கூடுவதால் சத்து கூடுதலாகக் கெடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. சூடு கூடினாலும் வேகும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது, உள்ளே காற்றும் இல்லை என்பதை அந்த அச்சம் கணக்கில் எடுப்பதில்லை. ஊறவைத்த கருப்புக் கொண்டைக்கடலை திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டியிருக்கும். குக்கரில் 15 முதல் 20 நிமிடம் போதும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குக்கரில் சமைத்தது தாழ்ந்துபோவதில்லை.

குக்கரில் சத்து வீணாவது பெரும்பாலும் கைப்பழக்கத்தால்தான். நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்துக் கொட்டினால், நீரில் கரையும் பி வைட்டமின்களும் ஃபோலேட்டும் அதோடு போய்விடும். பயறு மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும் அளவு நீர் போதும். கொங்கு நாட்டில் கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசம் வைப்பார்கள். வேறு எந்த அறிவுரையும் தேவைப்படாத நல்ல வழக்கம் அது. இரவு முழுக்க ஊறவைத்த தண்ணீரின் கதை வேறு. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகள் அதில் இறங்கியிருப்பதால் அதைக் கொட்டிவிடலாம்.

பழைய கடலை எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே இருக்கும். உடனே ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைத் தேடுவார்கள். சோடா தோலை மென்மையாக்குவது உண்மை; ஆனால் காரத்தன்மையில் பி1 வைட்டமினாகிய தயமின் வேகமாக அழிந்துவிடும். தமிழ்நாட்டுக்கு இந்த வைட்டமினோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் 1918இல் குன்னூரில் தொடங்கிய சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. கடலை வேகாமல் அடம்பிடித்தால் சோடாவைவிட நீண்ட ஊறலே நல்லது. புளியையும் தக்காளியையும் கடலை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு தோலை இறுக்கி வேக விடாது.

குக்கரிலும் மிஞ்சிப்போகலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பயறுகளைக் கொதிக்கவைப்பதும் குக்கரில் வேகவைப்பதும் நல்ல முறைகள் என்று சொல்லிவிட்டு, அளவுக்கு மீறி வேகவைத்தால் லைசின் குறைந்து புரதத்தின் தரம் கெடும் என்றும் எச்சரிக்கிறது. பக்குவம் தெரிய விசிலை எண்ணுவதைவிட விரலை நம்பலாம். ஒரு கடலையை இரு விரலுக்கிடையே அழுத்தினால் நடுவில் மாவுக்கட்டி இல்லாமல் நசுங்க வேண்டும், அதற்குமேல் வேண்டியதில்லை. அரைவேக்காட்டில் விடுவது அதைவிட மோசம். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் மிகுதி. அதை மந்தச் சூட்டில், கொதிநிலைக்குக் கீழே நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தி வந்த நிகழ்வுகள் உண்டு. ராஜ்மாவை ஊறவைத்து, நீரை மாற்றி, நன்றாகக் கொதிக்க விட்டே ஆக வேண்டும். குக்கரில் அந்தக் கவலை இல்லை.

ஆவியில் பண்டம் தண்ணீரைத் தொடுவதில்லை. அதனால் கரைந்து போகும் சத்து மிகக் குறைவு. சூடும் 100 டிகிரியைத் தாண்டாது. எதுவும் சிவக்காது என்பதால் லைசினும் பத்திரம். ஆனால் காய்ந்த முழுப் பயற்றை ஆவியில் வேகவைக்க முடியாது. உள்ளே போக வேண்டிய தண்ணீரும் இல்லை, கெட்டித் தோலை இளக்கும் சூடும் இல்லை. அரைத்த மாவுக்கோ முளைவிட்டு இளகிய பயறுக்கோதான் ஆவி ஏற்றது. இட்லி அதற்கு நல்ல சாட்சி. உளுந்து ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் புளித்த பிறகுதான் தட்டில் ஊற்றப்படுகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிக்கும்போதே கணிசமாகக் குறைந்துவிடுகிறது. பிறகு 10 அல்லது 12 நிமிட ஆவியே மிச்ச வேலையை முடிக்கப் போதுமானதாகிறது.

அதே உளுந்து எண்ணெயில் விழுந்தால் வடை. எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி இருந்தாலும் வடை முழுவதும் அந்தச் சூட்டுக்கு வந்துவிடுவதில்லை. மாவிலுள்ள நீர் கொதித்து ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கும் வரை உள்பகுதி 100 டிகிரி அளவிலேயே வேகிறது. சட்டியில் சலசலப்பு கேட்கும் வரை உள்ளே நீர் இருக்கிறது என்று பொருள். லைசின் இழப்பு பெரும்பாலும் சிவந்த மேல் ஓட்டில்தான். எனவே பருமனான மெதுவடை புரதத்தில் இட்லிக்கு வெகுவாகப் பின்தங்கிவிடாது. காராசேவு, ஓமப்பொடி விஷயத்தில் இந்த ஆறுதல் இல்லை. மெல்லிய இழையில் உள்பகுதி என்று ஒன்றே கிடையாது. சலசலப்பு அடங்கி மொறுமொறுப்பாகும்போது இழை முழுவதும் ஓடாகிவிடுகிறது. தயமினும் அதிகம் போகிறது. புரதத்துக்காக என்று சொல்லிக் கடலைமாவுப் பலகாரம் தின்பவர் உண்மையில் எண்ணெயைத்தான் அதிகம் தின்கிறார். ஒரு கிராம் புரதம் 4 கலோரி தரும்போது ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருகிறது.

முளைகட்டுவது சமையலே அல்ல. விதையைத் தன் சத்தைத் தானே திறந்துகொள்ள விடுவது. பயற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டால் வெயில் காலத்தில் அடுத்த நாளே முளை தலைகாட்டும். அதற்குள் விதையின் நொதிகள் விழித்து ஃபைட்டிக் அமிலத்தை உடைத்து இரும்பை விடுவிக்கின்றன. வாயு உண்டாக்கும் சர்க்கரைகளை முளையே செலவழித்துவிடுகிறது. காய்ந்த பயற்றில் இல்லாத வைட்டமின் சியும் உருவாகிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இருந்த இந்தியப் படையினரை ஸ்கர்வி நோய் வாட்டியது. அந்தக் காலத்தில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக்கும் அவருடைய குழுவினரும், காய்ந்த பயறு ஸ்கர்வியைத் தடுக்காது, முளைவிட்ட பயறு தடுக்கும் என்று கினிப்பன்றிகளில் காட்டினார்கள். பழமும் காயும் போய்ச் சேராத இடத்தில் அது பெரிய கண்டுபிடிப்பு. கொய்யா கிடைக்கும் ஊரில் வைட்டமின் சிக்காக யாரும் பயறு கட்ட வேண்டியதில்லை.

முளைகட்டினால் புரதம் பெருகும் என்பது மிகைப்படுத்திய பேச்சு. முளைக்கும் விதை தன் மாவுச்சத்தில் கொஞ்சத்தை எரித்துவிடுவதால், நீரைக் கழித்துப் பார்க்கும்போது புரதத்தின் விகிதம் சிறிது ஏறியதாகத் தோன்றும். புதிய புரதம் எங்கிருந்தும் வருவதில்லை. டிரிப்சின் தடைப்பொருள்களும் முளைப்பதால் முழுதாகப் போவதில்லை, குறைகின்றன, அவ்வளவே.

முளைப்பயற்றைப் பச்சையாகத் தின்பதில் இதைவிடப் பெரிய சிக்கல் கிருமிகள். ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு எவ்வளவு உகந்ததோ அவ்வளவு பாக்டீரியாவுக்கும் உகந்தது. 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கிருமி விதையோடேயே வந்திருந்தால் மேலே கழுவிப் பயனில்லை. வழவழப்பு, புளித்த வாடை, பழுப்பேறிய முளைநுனி ஆகியவை தெரிந்தால் கொட்டிவிட வேண்டும். ஆனால் இந்த அறிகுறிகள் இல்லாத பயறும் கிருமி இல்லாதது என்று சொல்ல முடியாது. குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் பச்சை முளையைத் தவிர்ப்பதே நல்லது.

முளை அரை விரற்கடை நீண்டதும் பயற்றை அலசி, இட்லித் தட்டில் பரப்பி, எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் கிருமி பயம் நீங்குகிறது. மிஞ்சியிருந்த தடைப்பொருளும் பெரும்பாலும் அடங்குகிறது. வைட்டமின் சியில் ஒரு பங்கு போகும். இறக்கி ஆறிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அந்த இழப்பு ஈடாகிவிடும். பயற்றிலுள்ள இரும்பு உடம்பில் சேரவும் அந்தச் சாறே துணைசெய்யும்.