காபிப் பொடி தீர்வதற்குள் ஒரு மெயில்

'சிடி பேபி' என்பது டெரக் சிவர்ஸ் என்ற இசைக்கலைஞர் 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய இணையக் கடை. தனி இசைக்கலைஞர்களின் இசைத்தட்டுகளை விற்றது. ஆர்டர் அனுப்பப்பட்டதும் வாடிக்கையாளருக்கு வழக்கமான மெயில் தானாகப் போகும். அது சிவர்ஸுக்குச் சப்பென்று தோன்றியது. இருபது நிமிடம் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினார். உங்கள் தட்டைக் கையுறை போட்டு எடுத்து, பட்டுத் தலையணைமேல் வைத்தோம். ஐம்பது பேர் அதைப் பரிசோதித்தார்கள். ஊரே ஊர்வலமாக வந்து வழியனுப்பியது. இப்போது எங்கள் தனி விமானத்தில் வந்துகொண்டிருக்கிறது என்று கதை விட்டார். படித்தவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் வலைப்பதிவுகளில் ஒட்டினார்கள். கடைக்குச் செலவில்லாமல் விளம்பரம் கிடைத்தது.

அவர் புதிதாக எந்த மெயிலும் அனுப்பவில்லை. வாடிக்கையாளர் ஆவலோடு காத்திருந்த நேரத்தில் எப்படியும் போகிற மெயிலைத்தான் மாற்றினார். புதியவர்களுக்கு வரிசையாகத் தானே போகும் வரவேற்பு மெயில்களுக்கும் இந்த நேரக்கணக்குதான் அடிப்படை.

இணையத்தில் ஃபில்டர் காபிப் பொடி விற்கும் ஒரு சின்னக் கடையை வைத்துப் பார்ப்போம். முதல்முறை எட்டிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் போய்விடுவார்கள். அவர்களிடம் முகவரி கேட்க வேண்டுமானால் பதிலுக்கு ஏதாவது தர வேண்டும். 'எங்கள் செய்திமடலில் சேருங்கள்' என்ற பெட்டியில் யாரும் எழுதமாட்டார்கள். 'டிகாக்‌ஷன் நீர்த்துப்போகிறதா? காரணம் இதோ, ஒரு பக்கத்தில்' என்றால், அந்தத் தொல்லை உள்ளவர் நின்று முகவரி தருவார். காபிப் பொடியே வாங்காதவர் தரமாட்டார், அதுவும் நல்லதுதான்.

முகவரி வந்ததும் உறுதிப்படுத்தும் இணைப்பு ஒன்றை அனுப்பி, அதை அழுத்தியவரை மட்டும் பட்டியலில் சேர்ப்பது பாதுகாப்பு. அவசரத்தில் gmial.com என்று தட்டியவரும், அடுத்தவர் முகவரியைக் கொடுத்தவரும் அங்கேயே கழிந்துவிடுவார்கள். பட்டியல் சிறுத்துப்போகும் என்று பயந்து, முகவரிகளை விலைக்கு வாங்கும் கடைகளும் உண்டு. கேட்காத மெயில் வந்தால் ஆட்கள் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார்கள். ஜிமெயில் 2024 முதல், நாளுக்கு ஐயாயிரம் மெயிலுக்கு மேல் அனுப்புவோரிடம் இந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று. அதைத் தாண்டினால், விரும்பிச் சேர்ந்தவருக்குப் போகும் மெயிலும் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கும்.

முதல் மெயில் உடனே போக வேண்டும். சொன்ன அந்த ஒரு பக்கம் அதில் இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அடுத்தது: சிக்கரி கலந்ததா, கலக்காததா, யாருக்கு எது பிடிக்கும் என்ற விளக்கம். மூன்றாவதில்தான் விற்பனை. அதுவும் அரைக் கிலோவை நீட்டாமல், ருசி பார்க்க நூறு கிராம் பாக்கெட்.

அவர் ருசி பார்த்துப் பிடித்துப்போய் அரைக் கிலோ வாங்கிவிட்டால் இந்த வரிசை அங்கேயே நிற்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: நேற்று முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு இன்று 'முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி' என்று மெயில் போய்ச் சேரும். வாங்கியவருக்கு வேறு வரிசை வேண்டும். பார்சல் கைக்கு வந்த மறுநாள், பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கச் சொல்லி ஒரு மெயில். அடுத்ததற்கு ஒரு கணக்குப் போட வேண்டும்.

வீட்டில் இரண்டு பேர். காலையும் மாலையும் காபி. ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் என்றால் நாளுக்கு நாற்பது கிராம். அரைக் கிலோ பன்னிரண்டு நாள் வரும். பார்சல் போய்ச் சேர மூன்று நாள். ஆகவே நினைவூட்டும் மெயில் எட்டாம் நாள் போக வேண்டும். நான்காம் நாள் போனால் தொந்தரவு. பதினான்காம் நாள் போனால், அவர் தெருமுனைக் கடையில் வாங்கி முடித்திருப்பார். நாலு பேர் குடிக்கும் வீட்டில் இதே பொடி ஆறு நாளில் தீர்ந்துவிடும். அதனால் மறுநாள் மெயிலிலேயே 'வீட்டில் எத்தனை பேர்?' என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்துப் பலனை அளக்க முடியாது. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. யாரும் படிக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். முதல்முறை வாங்கிய நூறு பேரில் அறுபது நாளுக்குள் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள் என்று எண்ணலாம். வரிசையைத் தொடங்குவதற்கு முந்தைய நூறு பேரின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எட்டாம் நாள் மெயில் வேலை செய்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.