எல்லை நகராமல் கோப்பைச் சுருக்குவது எவ்வாறு?

நமது நாட்டின் 14,000க்கும் மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகளின் எல்லைகளை இணையப் படமாகத் தர முற்படுவோர் முதலில் சந்திக்கும் தடை, கோப்பின் பருமனாகும். கைத்தொலைபேசியில் தரவுக்குப் பணம் செலுத்திப் பார்ப்பவர், படம் திறக்கும் முன்னரே பொறுமையிழந்து விடுகின்றார். ஆயினும், ஆள்கூறுகளின் தசம தானங்களைக் குறைக்கலாம் என்றவுடனேயே, எமது ஊரின் எல்லை இதனால் நகர்ந்து விடாதா என்ற வினா எழுகின்றது. எல்லைகளின் பெயரால் கசப்புகளைக் கண்ட எமது பிரதேசங்களில் இவ்வினா நியாயமானதே. அதற்கான விடை கணக்கிலேயே உள்ளது.

ஜியோஜேசன் கோப்பில் எல்லைக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் நெட்டாங்கு, அகலாங்கு என்ற வரிசையில் வெறும் எழுத்துகளாகவே பதியப்படுகின்றது. யாழ்ப்பாண நகரை அண்மித்த ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்.

```
[80.02145678901234,9.66512345678901]
[80.02146,9.66512]
```

முதல் வரியில் 36 எழுத்துகள், இரண்டாவதில் 18. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்பதால், ஐந்தாவது தசம தானம் 1.1 மீற்றரைக் குறிக்கும். பதினான்காவது தானமோ ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. எந்த நில அளவையாளரும் அவ்வாறு அளந்ததில்லை. அவ்விலக்கங்கள் கணினியின் கணிப்பில் விளைந்த எச்சங்களே எனலாம்.

முழுதாக்கும்போது ஒரு புள்ளி ஒரு திசையில் அதிகபட்சம் 55 சென்ரிமீற்றரே விலகும். இணையப் படத்தை 17ஆம் நிலைக்குப் பெருப்பித்தாலும் திரையின் ஒரு பிக்சல் நம் நாட்டில் ஏறத்தாழ 1.2 மீற்றராக இருப்பதால், இவ்விலகல் கண்ணுக்குப் புலப்படாது. ogr2ogr என்ற இலவசக் கருவியில் இதற்கு ஒரே கட்டளை போதும்.

```
ogr2ogr -f GeoJSON -lco COORDINATE_PRECISION=5 siriya.geojson moolam.geojson
```

ஆசைப்பட்டு நான்கு தானங்களுக்கு இறங்கினால் நிலைமை வேறு. விலகல் ஐந்தரை மீற்றர் வரை செல்லும். வளைந்த கோடுகள் படிக்கட்டுகளாகும். எட்டு மீற்றர் அகலமான வீட்டின் உருவம் சிதையும். மாவட்ட எல்லையை மட்டும் தொலைவிலிருந்து காட்டுவதற்கு அது போதுமானதாக இருக்கலாம், வீதிகளுக்கும் வீடுகளுக்கும் அல்ல.

அயல் பிரிவுகள் இரண்டும் ஒரே புள்ளிகளைப் பகிர்ந்தால், அவை ஒரே விதமாகவே முழுதாக்கப்படும், இடைவெளி தோன்றாது. ஒரு பிரிவின் கோட்டில் மாத்திரம் மேலதிக புள்ளி இருப்பின், அவ்விடத்தில் மெல்லிய கீற்று ஒன்று உருவாகக்கூடும். நெருக்கமான புள்ளிகள் ஒன்றாகிவிடுவதும், கோடு தன்னையே வெட்டிக்கொள்வதும் உண்டு. எனவே, பழைய கோப்பின் மீது புதியதை இட்டு, உச்சப் பெருப்பத்தில் எல்லையோரங்களைப் பார்வையிடல் வேண்டும்.

ஆள்கூறுகள் பாகையில் அன்றி மீற்றரில் இருந்தால் மேற்கண்ட கணக்கு பொருந்தாது என்பதும் கவனிக்கத்தக்கது. அங்கு இரண்டு தசம தானமே ஒரு சென்ரிமீற்றராகும்.

சுருக்கிய கோப்பு பார்வைக்கு மட்டுமே உரியது. காணி எல்லைப் பிணக்கு ஒன்றில் அரை மீற்றரும் வேலியின் இடத்தை மாற்றும் என்பதால், மூலக் கோப்பை அழிக்காது பேணி, அளவைக்கும் பரப்பளவு கணிப்புக்கும் அதனையே நாம் பயன்படுத்த வேண்டும்.