தூரம் அதிகம் என்றால்

ஆவடியில் வசிப்பவருக்குச் சிறுசேரியில் நேர்காணல். காலை நெரிசலில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். போகாமல் இருந்துவிடுவதுதான் பலரின் வழக்கம், அது தவறு. ஒதுக்கிய நேரம் வீணாவதோடு, அடுத்த வாய்ப்பும் கெடும். முந்தைய நாளே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம்:

“நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. வீட்டிலிருந்து தினமும் நான்கு மணி நேரப் பயணம் என்பதால் வர இயலவில்லை. அம்பத்தூர்க் கிளையில் இதே பணி உண்டா? வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் வரும் ஏற்பாடு இருந்தால், நேர்காணலுக்கு வரத் தயார்.”

நாள் கணக்கைச் சொல்வதே முக்கியம். ‘வீட்டிலிருந்து வேலை கிடைக்குமா’ என்று பொதுவாகக் கேட்டால், ‘இல்லை’ என்று எளிதில் முடித்துவிடுவார்கள். சம்மதித்தால், அந்த ஏற்பாட்டைப் பணி ஆணையில் எழுதித் தரச் சொல்லுங்கள்; மேலாளர் மாறினால் வாய்ச்சொல் நிற்காது.